தேடலில் எழுத்துப்பிழை திருத்தம் சொதப்புகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கோத்தகிரியில் விதை, நாற்று, உரம், கைக்கருவி விற்கிற ஒரு கடையின் இணையத் தேடலை நான் பார்த்துக்கொள்கிறேன். கட்டபெட்டு, கூக்கல்தொரை, நெடுகுளா பக்கத்து விவசாயிகள் தோட்டத்தில் நின்றபடியே போனில் தமிழில் தட்டுகிறார்கள். கை ஈரம், அவசரம், போன் கீபோர்டு தானாக நுழைக்கிற எழுத்து என்று எல்லாம் சேர்ந்து பத்து விதமாகப் பிழை வரும். அதையெல்லாம் சமாளித்து அவர்கள் கேட்ட பொருளைக் காட்ட வேண்டும். தமிழ்த் தேடலில் எடிட் டிஸ்டன்ஸ் வைத்துப் பிழை திருத்துகிறவர்களுக்கு அடிக்கடி வரும் கோளாறுகளை, வெளியே தெரிகிற அறிகுறியை வைத்து ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

எடிட் டிஸ்டன்ஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக மாற்ற, குறைந்தது எத்தனை சேர்த்தல், நீக்கல், மாற்றல் தேவை என்கிற எண்ணிக்கை அது. 1965-ல் லெவன்ஷ்டைன் சொன்னது. அடுத்தடுத்த இரண்டு எழுத்து இடம் மாறியதையும் ஒரே பிழையாக எண்ணினால் அதோடு டாமெராவ் பெயரும் சேரும்.

எதையும் திருத்துவதற்கு முன்னால் கோளாறு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பிழைதிருத்தம் என்பது மூன்று தனித்தனி வேலை. அகராதியிலிருந்து கிட்டத்தட்ட ஒத்துப்போகும் சொற்களை (இனி கேண்டிடேட் என்கிறேன்) திரட்டுவது முதல் வேலை, அவற்றை வரிசைப்படுத்துவது இரண்டாவது, முதலில் நிற்பதை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பது மூன்றாவது. ஒரு தேடலுக்கு வந்த கேண்டிடேட் பட்டியல் முழுவதையும், ஒவ்வொன்றின் தூரத்தோடும் மதிப்பெண்ணோடும், லாக்கில் அச்சிடுங்கள். சரியான சொல் பட்டியலிலேயே இல்லை என்றால் திரட்டுவதில் கோளாறு. பட்டியலில் இருந்தும் மேலே வரவில்லை என்றால் வரிசையில் கோளாறு. மேலே வந்தும் பயனருக்குத் தவறாகப் போனால் முடிவில் கோளாறு. இதைப் பார்க்காமல் அனுமதிக்கும் தூரத்தை 1-லிருந்து 2 ஆக்கிப் பார்ப்பது, திரும்ப 1 ஆக்குவது என்று திருகிக்கொண்டே இருந்தால் ஒரு பக்கம் சரியாகும், இன்னொரு பக்கம் உடையும்.

## கண்ணுக்குச் சொல் சரியாக இருக்கிறது, முடிவு மட்டும் பூஜ்யம்

முட்டைகோஸ் என்று அட்சரம் பிசகாமல் தட்டியிருக்கிறார், பொருளும் கையிருப்பில் இருக்கிறது, ஆனால் எதுவும் வரவில்லை. இங்கே பிழை எழுத்தில் இல்லை, எழுத்து சேமிக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. 'கோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம்: க-வோடு ஒற்றைக் குறியான U+0BCB, அல்லது க-வோடு U+0BC7, U+0BBE என்று இரண்டு குறி. திரையில் இரண்டும் ஒன்றேதான். பழைய எழுத்துரு ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றி எடுத்த விலைப்பட்டியல்களில் இரண்டாவது வகை நிறைய வரும். எடிட் டிஸ்டன்ஸ் கணக்குக்கோ அவை வேறு வேறு சொற்கள், அதுவும் 2 தூரம் தள்ளி.

சந்தேகம் வந்தால் சொல்லைப் பார்க்காதீர்கள், அதற்குள் இருக்கிற எண்களைப் பாருங்கள்:

```python
print([hex(ord(c)) for c in w])
```

இதற்கு மருந்து, இரண்டு விதத்தையும் ஒரே வடிவமாக்குகிற யூனிகோடின் NFC. அகராதியில் சேர்க்கும்போதும் தேடும்போதும், இரண்டு பக்கமும் அதே சுத்திகரிப்பை ஓட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத U+200B, U+200C, U+200D போன்றவற்றை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் NFC செய்யுங்கள். இரண்டு குறிக்கு நடுவில் அப்படி ஒன்று உட்கார்ந்திருந்தால் NFC அவற்றைச் சேர்க்காது.

NFC சரிசெய்யாத ஒன்று இருக்கிறது. மேரக்காயைச் சமவெளியில் சௌசௌ என்பார்கள். அதை நிறையப் பேர் ச, ெ, ள என்று தனித்தனியாகத் தட்டி 'செளசெள' என்று எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. யூனிகோடைப் பொறுத்தவரை அது நிஜமாகவே ள என்கிற எழுத்து, அதனால் NFC அதைத் தொடாது. அதற்காக மூலச் சொல்லிலேயே எல்லா 'ெள'-வையும் 'ௌ' ஆக்கிவிடாதீர்கள். "நல்லா வெளஞ்ச கிழங்கு" என்று பேச்சு வழக்கில் எழுதியிருப்பதும் அதில் மாட்டிக்கொள்ளும். ஒப்பிடுவதற்காகத் தனியாக உண்டாக்கும் சாவியில் மட்டும் மாற்றுங்கள். சாவி என்ன என்பது அடுத்து வருகிறது.

## ஒரே ஓர் ஒற்றுதான் விட்டுப்போயிருக்கிறது, ஆனாலும் திருத்தம் வரவில்லை

பட்டாணி விதை தேடுகிறவர் 'படாணி' என்று தட்டுகிறார். ஒரே ஒரு ட் காணவில்லை. நாம் படித்தால் ஒரு பிழை. ஆனால் கணினி எண்ணுவது கோட் பாயிண்ட்: ட ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு பிழை.

எலாஸ்டிக்சர்ச் என்கிற தேடல் மென்பொருளில் `fuzziness` என்பதை `AUTO` என்று விட்டிருந்தால் இது நேராக அடிபடும். அங்கே விதி இது: தட்டிய சொல்லில் 2 வரை இருந்தால் பிழையே அனுமதி இல்லை, 3 முதல் 5 வரை ஒரு பிழை, 5-க்கு மேல் இரண்டு பிழை. எண்ணுவது கோட் பாயிண்ட்தான். 'படாணி' என்பது ப, ட, ா, ண, ி என்று 5. ஆக ஒரு பிழைக்குத்தான் அனுமதி, தேவையோ இரண்டு. பட்டாணி பட்டியலுக்கே வராது.

இதே விதி அடுத்த பக்கம் அளவுக்கு மீறித் தாராளமாக இருக்கும். 'பூன்டு' என்று ஒருவர் தட்டினால் நமக்கு அது மூன்றெழுத்துச் சொல். கோட் பாயிண்டில் 6. அதனால் இரண்டு பிழை அனுமதி கிடைத்து, பூண்டோடு பூட்டு, கூண்டு, மூன்று எல்லாம் வந்து நிற்கும். கூண்டு என்றால் எலிக்கூண்டு, மூன்று என்றால் "மூன்று மாத நாற்று" என்கிற தலைப்பு. மூன்றெழுத்துச் சொல்லில் இரண்டெழுத்து மாறினால் அது வேறு சொல்தானே.

ஆக அனுமதித் தூரம் 1-ஆ 2-ஆ என்பதில்லை பிரச்சினை, எதை ஓர் அலகாக எண்ணுகிறோம் என்பதுதான். ஆங்கிலத்துக்கு உண்டான கணக்கில் ஒரு குறி என்றால் ஓர் எழுத்து. தமிழில் அப்படி இல்லை. எனவே சொல்லை முதலில் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துவிட்டு, அந்தப் பட்டியல்களுக்கு நடுவே தூரம் பாருங்கள்:

```python
import re
def letters(w):
    return re.findall("[^\u0bbe-\u0bcd\u0bd7][\u0bbe-\u0bcd\u0bd7]*", w)
```

இப்போது படாணி மூன்றெழுத்து, பட்டாணி நான்கெழுத்து, தூரம் 1. பூன்டு என்பதிலிருந்து பூண்டு 1, பூட்டு 1, ஆனால் கூண்டும் மூன்றும் 2. வேண்டாதவை இரண்டு வெளியே போய்விட்டன. அனுமதியை எழுத்துக் கணக்கில் இப்படி வைத்தால் நன்றாகவே ஓடுகிறது: இரண்டெழுத்து வரை திருத்தமே வேண்டாம், மூன்று, நான்கெழுத்துக்கு ஒன்று, அதற்கு மேல் இரண்டு. இரண்டெழுத்துச் சொல்லைத் திருத்தப் போனால் களை, கிளை, கலை, வளை என்று அக்கம்பக்கம் எல்லாமே ஒரு தூரத்தில்தான் இருக்கும்.

எலாஸ்டிக்சர்ச்சின் உள்ளே இப்படி எழுத்துக் கணக்கில் எண்ணவைக்க நேரடியான வழி கிடையாது. அதனால் திருத்தத்தை வெளியே தனியாகச் செய்துவிட்டு, திருத்திய சொல்லைத் தேடலுக்கு அனுப்புவதுதான் சுலபம். இன்னொரு வழி, எழுத்தாகப் பிரிப்பதோடு கூட, தமிழர்கள் வழக்கமாகக் குழப்பிக்கொள்ளும் இடங்களை எல்லாம் ஒன்றாக்கிய ஒரு சாவியை ஒவ்வொரு சொல்லுக்கும் செய்து வைப்பது. ண, ந, ன மூன்றும் ஒன்று. ல, ள, ழ ஒன்று. ர, ற ஒன்று. குறில், நெடில் ஒன்று. ஐகாரம் பேச்சில் அகரமாகிவிடுவதால் அதுவும் போகட்டும். ஒரே மெய் இரட்டித்தால் ஒற்றையாக்கு. 'நாற்று' என்பதை 'நாத்து' என்று தட்டுகிறவர்கள் ஏராளம், அதனால் ற்ற-வை முதலிலேயே த்த ஆக்கிவிடு.

```python
import re, unicodedata

T = str.maketrans({
    "ண": "ன", "ந": "ன", "ழ": "ல", "ள": "ல", "ற": "ர",
    "ஆ": "அ", "ஐ": "அ", "ஈ": "இ", "ஊ": "உ", "ஏ": "எ", "ஓ": "ஒ",
    "\u0bbe": "", "\u0bc8": "",
    "\u0bc0": "\u0bbf", "\u0bc2": "\u0bc1",
    "\u0bc7": "\u0bc6", "\u0bcb": "\u0bca",
})

def clean(w):
    w = re.sub("[\u200b-\u200d\ufeff]", "", w)
    return unicodedata.normalize("NFC", w)

def key(w):
    w = clean(w)
    w = re.sub("\u0bc6ள(?![\u0bbe-\u0bcd])", "\u0bcc", w)
    w = w.replace("ற்ற", "த்த").translate(T)
    return re.sub("(.)\u0bcd\\1", r"\1", w)
```

வரிசை முக்கியம். எழுத்துகளை ஒன்றாக்கிய பிறகுதான் இரட்டிப்பை நீக்க வேண்டும். இல்லையென்றால் 'முள்லங்கி' என்று தட்டியவருக்கு ள்ல என்பது இரட்டிப்பாகத் தெரியாமல் போய்விடும். மேலே இருக்கிற வரிசையில் முள்ளங்கி, முல்லங்கி, முள்லங்கி மூன்றுக்கும் சாவி 'முலங்கி'. மேரக்காய், மேரகாய், மேரைக்காய் மூன்றுக்கும் 'மெரகய்'. சாவி ஒத்துப்போனால் எடிட் டிஸ்டன்ஸ் கணக்கே போடாமல் அகராதியில் நேராகப் போய் எடுத்துவிடலாம், அதுதான் இதன் பெரிய லாபம்.

ஆனால் சாவி கேண்டிடேட் திரட்டுவதற்கு மட்டும்தான். அது நிறைய விஷயத்தை வேண்டுமென்றே தொலைக்கிறது. களை, கலை, காளை, காலை நான்குக்கும் ஒரே சாவி. சாவி ஒத்துப்போனதாலேயே அதுதான் விடை என்று எடுத்துக்கொண்டால், களைக்கொத்து தேடி வந்தவருக்கு வேறு ஏதோ போய்ச் சேரும்.

## பூண்டு தேடினால் பூட்டு வருகிறது

இது எனக்கு ரொம்பப் பிடித்த கோளாறு, ஏனென்றால் வரிசைப்படுத்துவதில் உள்ள முழுப் பிரச்சினையும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. 'பூன்டு' என்று தட்டியிருக்கிறார். கேண்டிடேட் பட்டியலில் பூண்டும் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. கோட் பாயிண்டில் எண்ணினாலும் எழுத்தில் எண்ணினாலும் இரண்டும் சரியாக 1 தூரம்: ன்-ஐ ண் ஆக்கினால் பூண்டு, ட் ஆக்கினால் பூட்டு. தூரம் சமமாக வந்தால் அடிக்கடி வருகிற சொல்லை மேலே வை என்பது வழக்கமான விதி. பம்ப் ஷெட்டுக்கும் உரம் அடுக்கும் அறைக்கும் பூட்டு வகைகள் கடையில் நிறைய. பூண்டு விதை பருவத்துக்கு மட்டும் வரும். ஆக விதியை ஒழுங்காகப் பின்பற்றிய நிரல் பூட்டைக் காட்டுகிறது.

எண்ணிக்கையில் பார்ப்போம். பூட்டு 400 தலைப்புகளில், பூண்டு 20 தலைப்புகளில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் இப்படி, குறைவாக வருவது முதலில்:

```python
score = 3.0 * cost - math.log10(freq + 1)
```

இரண்டுக்கும் `cost` 1 என்றால் பூண்டுக்கு 3.0 - 1.32 = 1.68, பூட்டுக்கு 3.0 - 2.60 = 0.40. பூட்டு ஜெயிக்கிறது.

கோளாறு எண்ணிக்கையில் இல்லை, எல்லாப் பிழைக்கும் ஒரே விலை போட்டதில் இருக்கிறது. ன்-ஐயும் ண்-ஐயும் மாற்றி எழுதுவது தினம் நடப்பது. ட் என்று எழுத நினைத்து ன் என்று எழுதுகிறவர் அபூர்வம். ஆக ண/ந/ன, ல/ள/ழ, ர/ற, குறில்/நெடில், இரட்டிப்பு விடுவது அல்லது கூட்டுவது ஆகியவற்றுக்கு 0.3 போடுங்கள். மெய் அதே, உயிர் வேறு என்றால் (கேரட், கோரட் மாதிரி) 0.6. மற்றதெல்லாம் 1. இப்போது பூண்டுக்கு 0.9 - 1.32 = -0.42. பூட்டுக்கு அதே 0.40. பூண்டு மேலே வந்துவிட்டது. இந்த 0.3, 0.6 எல்லாம் தொடங்குவதற்கான எண்கள்தான். உங்கள் லாக்கில் ஒருவர் ஒன்றைத் தேடி, ஒன்றும் வராமல், உடனே வேறு எழுத்தில் தேடிப் பொருளைத் திறந்திருக்கிற ஜோடிகளை எடுத்து எண்ணினால் எந்த மாற்றம் எவ்வளவு நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும், அதை வைத்து விலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

விலை வைத்தாலும் தப்பும் ஓர் இடத்தைச் சொல்லியாக வேண்டும். 'வெள்ளைப்பூடு' என்று தட்டுகிறவர் பிழை செய்யவே இல்லை, பூண்டைப் பூடு என்றும் சொல்வார்கள். ஆனால் நம் விலைப்படி பூடு என்பதிலிருந்து பூட்டு 0.3-தான் (இரட்டிப்பு விட்டது), பூண்டோ 1. எவ்வளவு நுணுக்கமாக விலையைத் திருகினாலும் இதைச் சரிசெய்ய முடியாது, சரிசெய்யவும் கூடாது. இது பிழைதிருத்தத்தின் வேலையே அல்ல. பூடு என்பது பூண்டுக்கு இன்னொரு பெயர் என்று மாற்றுப்பெயர்ப் பட்டியலில் எழுதுங்கள். காரட்/கேரட், காலிஃப்ளவர்/காலிபிளவர், மேரக்காய்/சௌசௌ எல்லாம் அந்தப் பட்டியலைச் சேர்ந்தவை. தேடல் வரும்போது முதலில் இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் திருத்தத்துக்குப் போக வேண்டும்.

## இரண்டு சொல்லும் அகராதியில் இருக்கிறது, சேர்த்துத் தேடினால் ஒன்றுமில்லை

'மழை பூண்டு' என்று ஒரு தேடல் வருகிறது. தேடியது மலைப்பூண்டு. மழை சரியான சொல், "மழைக்கால நாற்று" என்று இண்டெக்ஸிலும் இருக்கிறது. பூண்டும் சரி. சொல் அகராதியில் இருந்தால் திருத்தாதே என்கிற விதிப்படி எதுவும் நடக்காது. இன்னொருவர் 'மலை பூண்டு' என்று இடம் விட்டு எழுதுகிறார். அதில் பிழையே இல்லை, ஆனால் தலைப்பில் மலைப்பூண்டு என்று ஒரே சொல்லாக இருக்கிறது. சொற்களைப் பிரித்த பிறகுதான் திருத்தம் ஓடுகிறது என்பதால் இடைவெளியைப் பிழையாகப் பார்க்கிற வாய்ப்பே அதற்கு இல்லை.

சேர்த்துத் தேடி பூஜ்யம் வந்தால் அடுத்தடுத்த இரண்டு சொல்லை ஒட்டி, ஒட்டியதற்குச் சாவி எடுத்துப் பாருங்கள். 'மலைபூண்டு' சாவி 'மலபுன்டு'. 'மழைபூண்டு' சாவியும் அதுவே. மலைப்பூண்டில் ப் இரட்டிப்பாக வந்தாலும் நீங்கிவிடுவதால் அதற்கும் அதே சாவி. சந்தியில் வலி மிகுமா மிகாதா என்கிற குழப்பமும், ல/ழ குழப்பமும், இடைவெளியும் ஒரே வீச்சில் தீர்ந்துவிடுகின்றன. ஒட்டியது கிடைக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் கேண்டிடேட் எடுத்து, எந்த ஜோடி ஒரே தலைப்பில் சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் மூன்று நான்கு போதும், அதற்கு மேல் போனால் சம்பந்தமில்லாத ஜோடிகள் வரத் தொடங்கும்.

## தேடல் மெதுவாகிவிட்டது

முதலில் அகராதி எவ்வளவு பெரியது என்று பாருங்கள். ஒரு கடையின் பொருள் தலைப்புகளில் இருக்கிற தனிச்சொற்கள் சில ஆயிரத்தைத் தாண்டாது. அவ்வளவுக்கு எல்லாச் சொல்லோடும் நேரடியாகத் தூரம் பார்த்தாலே போதும், எழுத்து எண்ணிக்கை அனுமதிக்கு மேல் வித்தியாசப்படுகிறவற்றைக் கணக்குப் போடாமலே தள்ளிவிடுங்கள். இதற்காகப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

லட்சக்கணக்கான சொற்கள் இருக்கும்போதுதான் எப்படித் திரட்டுகிறோம் என்பது முக்கியமாகிறது. பீட்டர் நார்விக் 2007-ல் எழுதிக் காட்டிய சிறு நிரலின் வழியைத்தான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள்: தட்டிய சொல்லில் ஓர் எழுத்தை நீக்கி, இடம் மாற்றி, வேறு போட்டு, புதிதாகச் சேர்த்து, வருகிற எல்லாவற்றையும் அகராதியில் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆங்கிலத்தில் 26 எழுத்து, 5 எழுத்துச் சொல்லுக்கு 295 வடிவங்கள் வரும். தமிழில் 247 எழுத்தை வைத்து அதே 5 எழுத்துச் சொல்லுக்கு 2,726. இரண்டு பிழைக்குப் போனால் அதன் வர்க்கம், ஏறக்குறைய 74 லட்சம். போனில் தட்டி முடிப்பதற்குள் விடை வர வேண்டிய இடத்தில் இது ஆகாது.

அதற்குப் பதிலாக நீக்கல் மட்டும் செய்யுங்கள், ஆனால் இரண்டு பக்கமும் செய்யுங்கள். வுல்ஃப் கார்பே 2012-ல் வெளியிட்ட SymSpell இப்படித்தான் வேலை செய்கிறது. அகராதிச் சொல் ஒவ்வொன்றிலும் ஓரெழுத்தை நீக்கினால் வருகிற வடிவங்களை முன்கூட்டியே சேமித்துவிடு, தேடும்போது தட்டிய சொல்லிலும் அதையே செய்து இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று பார். 5 எழுத்துச் சொல்லுக்கு ஒரு நீக்கலில் 5, இரண்டு நீக்கலில் இன்னும் 10, மொத்தம் 15 தான். எழுத்து வகை 26-ஆ 247-ஆ என்பது கணக்கிலேயே வராது என்பதால் தமிழுக்கு இது ரொம்பவே பொருந்துகிறது.

நம் உதாரணத்திலேயே பார்க்கலாம். பட்டாணியில் ட்-ஐ நீக்கினால் படாணி, தட்டிய சொல்லே கிடைத்துவிட்டது. பூன்டு என்பதில் ன் போனால் பூடு, பூண்டில் ண் போனாலும் பூடு, பூட்டில் ட் போனாலும் பூடு. மூன்றும் அங்கே சந்திக்கின்றன. ஆனால் சந்தித்ததெல்லாம் ஒரு பிழைத் தூரம் என்று நம்பக்கூடாது. இரு பக்கமும் வேறு வேறு இடத்தில் நீக்கியும் ஒரே வடிவம் வரலாம், அப்போது உண்மையான தூரம் 2. அதனால் சந்தித்தவற்றுக்கு மட்டும் விலை போட்ட தூரத்தைக் கணக்கிட்டு வடிகட்டுங்கள்.

எலாஸ்டிக்சர்ச்சிலேயே இருக்கிறவர்கள் `prefix_length` 1 வைத்தால், அதாவது முதல் கோட் பாயிண்ட் அப்படியே ஒத்துப்போக வேண்டும் என்று வைத்தால், வேகம் கூடும். முதல் கோட் பாயிண்ட் மெய் மட்டும் என்பதால் ப்ரோக்கோலி, புரோக்கோலி, பிரக்கோலி எல்லாம் ப-வில் தப்பித்துவிடும். ஜுக்கினியைச் சுக்கினி என்று தட்டினால் கிடைக்காது, அதை மாற்றுப்பெயர்ப் பட்டியலில் போட்டுவிடுங்கள்.

ஆங்கில எழுத்தில் `poondu` என்று தட்டுகிறவர்களுக்கு இது எதுவும் உதவாது. அகராதிச் சொற்களை ஆங்கில எழுத்துக்கு மாற்றி வைத்த தனி அகராதி வேண்டும், இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

## சரியான சொல்லையே மாற்றிவிடுகிறது

இதற்கு மூன்று காரணம் பார்த்திருக்கிறேன். 'பூண்டுக்கு', 'நாற்றுக்கு' என்று வேற்றுமை உருபோடு தட்டியதை அகராதியில் இல்லை என்று எடுத்துக்கொண்டு அருகில் இருக்கிற எதையாவது பிடிப்பது ஒன்று. உருபை நீக்கிப் பார்த்து, அப்போதும் இல்லை என்றால் மட்டும் திருத்தத்துக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று அகராதியே பொதுவானதாக இருப்பது. செய்தி, கதை எல்லாம் சேர்த்துத் திரட்டிய பெரிய சொற்பட்டியலை வைத்தால், உங்கள் கடையில் இல்லாத சொல்லுக்குத் திருத்தி, பூஜ்யத்தைப் பூஜ்யமாகவே காட்டும். கேண்டிடேட் உங்கள் இண்டெக்ஸில் இருக்கிற சொல்லாகவே இருக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பொருள் சேர்க்கும்போதே யாராவது தலைப்பில் 'முல்லங்கி விதை' என்று எழுதியிருந்தால் அந்தப் பிழையும் அகராதிச் சொல்லாகிவிடும். அப்புறம் முல்லங்கி என்று தேடுகிறவருக்கு அந்த ஒரு பொருள் மட்டும் வரும், மற்ற முள்ளங்கி எதுவும் வராது. ஒரே சாவிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துமுறை இருக்கிற குழுக்களை மட்டும் அச்சிட்டு, ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் இவை எல்லாம் சிக்கும். களை, காளை மாதிரி நியாயமான குழுக்களும் அதில் வரும் என்பதால் இதைத் தானியங்கியாகச் செய்யாதீர்கள்.

மூன்றாவது, முடிவெடுக்கும் கட்டம். தட்டிய சொல்லுக்கு முடிவுகள் இருந்தால் மாற்றாதீர்கள், மேலே "பூண்டு தேடினீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். முடிவே இல்லாமல், முதல் கேண்டிடேட்டுக்கும் இரண்டாவதற்கும் மதிப்பெண்ணில் நல்ல இடைவெளி இருந்தால் மாற்றிக் காட்டலாம், ஆனால் என்ன மாற்றினோம் என்பதும் பழைய சொல்லிலேயே தேடுவதற்கான வழியும் திரையில் இருக்க வேண்டும்.

மருந்துப் பெயர்களுக்கு இந்தத் தானியங்கி மாற்றத்தையே நிறுத்திவிடுங்கள். உருளைக்கிழங்கில் வருகிற பின்பருவ இலைக்கருகலுக்கு அடிக்கும் மெட்டலாக்சில் ஒரு பூஞ்சைக்கொல்லி. மெட்டோலாக்ளோர் ஒரு களைக்கொல்லி. ஒருவர் 'மெட்டோலாக்சில்' என்று தட்டினால் முதலாவதுக்கு ஓரெழுத்துத் தூரம், இரண்டாவதுக்கு இரண்டெழுத்து. ஏழெழுத்துச் சொல் என்பதால் இரண்டும் அனுமதிக்குள் வந்துவிடும். பூஞ்சைக்கொல்லி கையிருப்பில் இல்லாத நாளில் அந்தச் சொல் இண்டெக்ஸிலிருந்து போயிருந்தால், மிஞ்சிய ஒரே கேண்டிடேட்டாகக் களைக்கொல்லி மேலே வந்து நிற்கும், போட்டியே இல்லாததால் இடைவெளி விதியும் அதைத் தடுக்காது. அதனால் அந்தப் பிரிவில் இருக்கிற சொற்களுக்குத் தனிக் கொடி வைத்திருக்கிறேன். கையிருப்பு தீர்ந்தாலும் பெயர் அகராதியில் இருக்கும். கேண்டிடேட்டுகள் எத்தனை வந்தாலும் பெயரோடு "பூஞ்சைக்கொல்லி", "களைக்கொல்லி" என்று வகையும் சேர்த்து வரிசையாகக் காட்டும். எதைத் திறப்பது என்பதை வாங்குகிறவரே தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.